கூடுதலாக வந்த சம்பளமும் மாதத் தவணையும்

ஊதிய நிர்ணயத்தில் தவறு நேர்ந்து, ஓர் அரசு எழுத்தருக்கு 96,000 ரூபாய் கூடுதலாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். தணிக்கையில் அது தெரிந்ததும் அடுத்த மாதமே பெருந்தொகையைப் பிடிக்க உத்தரவு வருகிறது.

அவர் முதலில் கேட்க வேண்டியது கணக்கு: எந்த மாதம், எவ்வளவு, எந்த விதிப்படி? அது வரும்வரை பிடித்தத்தை நிறுத்திவைக்கும்படி எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும்.

ரபீக் மசிஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னபடி, மூன்றாம், நான்காம் பிரிவு ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறுபவர்களிடமும் பொதுவாகப் பிடித்தம் கூடாது. ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து வழங்கப்பட்ட தொகைக்கும் அப்படியே. எழுத்தர் மூன்றாம் பிரிவு என்பதால் இதையே முதலில் எழுப்பலாம்.

ஆனால் 'கூடுதலாகப் பெற்றால் திருப்பித் தருவேன்' என்று உறுதிமொழி கொடுத்திருந்தால் வாதம் பலவீனமாகும். ஊதியத் திருத்தப் படிவத்தில் பலர் அதைப் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள்! 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அந்த உறுதிமொழியே அவரைக் கட்டுப்படுத்தியது. எனினும் இரண்டாண்டு மாதத் தவணைகளாகப் பிடிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதே அளவில் எழுத்தர் 24 தவணை கேட்டால் மாதம் 4,000 ரூபாய். மனுவில் வீட்டுக்கடன், பள்ளிக் கட்டணம், கைக்கு வரும் சம்பளம் ஆகியவற்றைச் சான்றுகளுடன் காட்டி, 'என் உரிமைக்குக் குந்தகமின்றி' என்ற வரியையும் சேர்ப்பது நல்லது.