கடன்பத்திரத்தின் இரண்டு எண்கள்

2022 அக்டோபரில் கிள்ளானில் இருக்கும் என் சித்தப்பா ஒரு கணக்கு அறிக்கையை என் முன்னால் வைத்தார். ஓராண்டுக்கு முன் 50,000 வெள்ளியை ஒரு கடன்பத்திர யூனிட் டிரஸ்ட்டில் போட்டிருந்தார். மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்கான பணம் அது. அறிக்கையில் இருந்ததோ ஏறத்தாழ 48,000 வெள்ளி.

“பங்குச் சந்தை வேண்டாம் என்றுதானே இதில் போட்டேன். அரசாங்கம் வட்டி கட்டவில்லையா?” என்று கேட்டார்.

வட்டி ஒழுங்காக வந்திருந்தது. எந்தப் பத்திரமும் திவாலாகவில்லை. அதே அறிக்கையின் பின்பக்கத்தில் இரண்டு எண்கள் இருந்தன. முதிர்வு வருவாய் 3 விழுக்காடு என்றது ஒன்று. டியூரேஷன் 7 ஆண்டு என்றது மற்றொன்று. விற்பனையாளர் முதல் எண்ணை மட்டும் காட்டியிருந்தார். வணிகவியல் படித்த நான்கூட இந்த இரண்டையும் தனித்தனிச் சூத்திரங்களாக மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவன்தான். சித்தப்பாவுக்கு விளக்க உட்கார்ந்தபோதுதான் இவை எப்படி இணைகின்றன என்பது எனக்கே தெளிவானது.

முதிர்வு வருவாய் என்ன சொல்கிறது?

எளிய பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலை 1,000 வெள்ளி. ஆண்டுக்கு ஒருமுறை 40 வெள்ளி வட்டி. ஐந்தாம் ஆண்டு முடிவில் கடைசி வட்டியோடு அசலும் திரும்பி வரும். (மலேசிய அரசாங்கப் பத்திரங்கள் ஆண்டுக்கு இருமுறை வட்டி தருகின்றன. கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று இங்கே ஒருமுறை என வைத்திருக்கிறேன்.)

வரப்போகும் எல்லாத் தொகைகளையும் ஒரே வட்டி விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டினால் எந்த விகிதத்தில் இன்றைய விலை கிடைக்கிறதோ, அதுவே முதிர்வு வருவாய். நம் பத்திரத்துக்கு அது 4 விழுக்காடு. 1,000 வெள்ளி ஐந்தாண்டில் 1,217 வெள்ளியாக வேண்டும் என்பது இதன் பொருள்.

இந்த 1,217 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அசல் 1,000. ஐந்து வட்டிகள் சேர்ந்து 200. மீதி 17 வெள்ளி, வந்த வட்டியை மறுபடியும் முதலீடு செய்து ஈட்டியது. ஆகவே இந்த 4 விழுக்காட்டுக்குள் இரண்டு நிபந்தனைகள் மறைந்திருக்கின்றன. பத்திரத்தைக் கடைசி நாள்வரை வைத்திருக்க வேண்டும். இடையில் வரும் வட்டியையும் அதே 4 விழுக்காட்டில் போட்டுவைக்க வேண்டும். சித்தப்பா முதல் நிபந்தனையிலேயே தவறிவிட்டார். அவருக்குப் பணம் அடுத்த ஆண்டே தேவைப்பட்டது.

டியூரேஷன் என்பது என்ன?

நீண்ட பலகை ஒன்றில் ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுகளைக் குறித்து, ஒவ்வோர் ஆண்டும் வரும் தொகையின் இன்றைய மதிப்பை ஒரு மூட்டையாக அந்த இடத்தில் வையுங்கள். முதல் நான்கு மூட்டைகள் 34 முதல் 38 வெள்ளி எடைதான். ஐந்தாவது மூட்டை 855 வெள்ளி. இந்தப் பலகையை ஒரே விரலில் தாங்க வேண்டுமானால் விரலை எங்கே வைப்பீர்கள்? கனமான மூட்டைக்குச் சற்று முன்னால், 4.63 ஆண்டு என்ற இடத்தில். பொருளியலாளர் ஃபிரெடெரிக் மெக்காலே 1938இல் முன்வைத்த டியூரேஷன் இதுதான்.

இதை 1.04ஆல் வகுத்தால் 4.45. வட்டி விகிதம் 1 விழுக்காட்டுப் புள்ளி ஏறினால் விலை ஏறத்தாழ 4.45 விழுக்காடு இறங்கும் என்பதை இந்த எண் சொல்கிறது. சந்தையில் புதிய பத்திரங்கள் 5 விழுக்காடு தரும்போது, 4 விழுக்காடு தரும் நம் பத்திரத்தை 1,000 கொடுத்து யாரும் வாங்கமாட்டார்கள். சரியாகக் கணக்கிட்டால் அதன் விலை 957 வெள்ளிக்கு இறங்கியிருக்கும். டியூரேஷன் 955 அல்லது 956 என்று சொல்லியிருக்கும். விலைக்கோடு உண்மையில் வளைகோடு என்பதால் இந்தச் சிறு வேறுபாடு வருகிறது. வட்டி மாற்றம் பெரிதாகப் பெரிதாக இந்த வேறுபாடும் பெரிதாகும்.

இரண்டும் சந்திக்கும் இடம்

இனிதான் முக்கியமான பகுதி. வாங்கிய மறுநாளே வட்டி 5 விழுக்காட்டுக்கு ஏறி, அங்கேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விலையில் 43 வெள்ளி போய்விட்டது. ஆனால், இனி நம் கையிலுள்ள மதிப்பும், வந்து சேரும் வட்டியும் 5 விழுக்காட்டில் வளரும். இழப்பு ஒரே நாளில் வந்தது. ஈடு மெதுவாக வருகிறது.

ஓராண்டு முடிவில் வட்டியோடு சேர்த்து நம்மிடம் 1,005 வெள்ளி இருக்கும். வட்டி மாறாதிருந்தால் 1,040 இருந்திருக்கும். ஐந்தாண்டு முடிவில் 1,221, மாறாதிருந்தால் 1,217. அதாவது தொடக்கத்தில் பின்தங்கியவர் முடிவில் சற்று முன்னால் நிற்கிறார். இடையில் எங்கோ இருவரும் சமமாகியிருக்க வேண்டும். அந்த இடம் 4.63 ஆண்டு. அன்று இருவர் கையிலும் 1,199 வெள்ளி.

வட்டி 3 விழுக்காட்டுக்கு இறங்கினாலும் இதே கதை தலைகீழாக நடக்கும். ஓராண்டில் 1,077 என்று மகிழ்ச்சி தரும். ஐந்தாண்டில் 1,212 என்று சற்றுக் குறையும். 4.63ஆம் ஆண்டில் மறுபடியும் அதே 1,199.

ஆகவே டியூரேஷன் ஒரே எண்ணில் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. இன்று விலை எவ்வளவு ஆடும் என்பது ஒன்று. முதிர்வு வருவாய் வாக்களித்த மொத்த ஈட்டம் வட்டி ஏறினாலும் இறங்கினாலும் கைக்கு வர எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. அதற்கு முன் பணம் தேவைப்படுகிறவருக்கு வட்டி ஏற்றம் நட்டம். அதற்குப் பின் தேவைப்படுகிறவருக்கு அதே ஏற்றம் லாபம்.

சித்தப்பாவின் கணக்கு

பேங்க் நெகாரா 2022 மே, ஜூலை, செப்டம்பர் மாதங்களில் கொள்கை வட்டி விகிதத்தை 1.75இலிருந்து 2.50 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. மேலும் உயரும் என்று சந்தை எதிர்பார்த்ததால் நீண்டகாலப் பத்திரங்களின் வருவாயும் ஏறியது. சித்தப்பாவின் நிதியில் அந்த ஏற்றம் 1 விழுக்காட்டுப் புள்ளிக்குச் சற்று அதிகம். டியூரேஷன் 7 என்பதால் விலையில் ஏறத்தாழ 7 விழுக்காடு போனது; வட்டியில் 3 விழுக்காட்டுக்கு மேல் வந்தது. மிச்சம் 4 விழுக்காடு நட்டம். அந்த 2,000 வெள்ளி போன வழி இதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தனிப் பத்திரத்துக்கு முதிர்வு நாள் உண்டு. ஆண்டுகள் கழியக் கழிய அதன் டியூரேஷனும் குறையும். நிதிக்கு முதிர்வு நாள் கிடையாது. நிர்வாகி பழையதை விற்றுப் புதியதை வாங்கிக்கொண்டே இருப்பதால் டியூரேஷன் 7 அப்படியே 7ஆக நிற்கலாம். வட்டி ஒருமுறை ஏறி நின்றுவிட்டால் ஏழாண்டில் ஈடாகும். ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனால் அதைவிட அதிகக் காலம் பிடிக்கும். மேலும், கடன் வாங்கிய நிறுவனம் பணம் கட்டத் தவறினால் இந்த இரண்டு எண்களாலும் நம்மைக் காக்க முடியாது.

முதல் இரண்டு ஆண்டுக் கட்டணத்துக்கு வேண்டிய பணத்தை நட்டத்தோடு எடுத்து வைப்புத்தொகையில் போடச் சொன்னேன். மீதியைக் குறுகிய டியூரேஷன் உள்ள நிதிக்கு மாற்றினோம். “இந்த ஏழு என்ற எண் அன்றைக்கே தாளில் இருந்ததா?” என்று சித்தப்பா கேட்டார். இருந்தது என்றேன். தம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய தாளை எடுத்து, தாமே ஒருமுறை தேடிப் பார்த்துக்கொண்டார்.