எம்டிஆர் அறிக்கையில் இடைக்கணுவில் மட்டும் தோன்றும் இழப்பு

எம்டிஆர் என்பது ஒரு கணினியிலிருந்து இலக்குக் கணினி வரையுள்ள திசைவிகளை வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் எத்தனை பதில்கள் வரவில்லை என்பதைக் கணக்கிடும் பிணையக் கருவியாகும். 1997இல் மாட் கிம்பல் இதை உருவாக்கினார். இதன் அறிக்கையில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, நடுவில் உள்ள ஒரு வரியில் மட்டும் தோன்றும் இழப்பு ஆகும். பின்வருவது ஓர் எடுத்துக்காட்டு.

```
$ mtr -rn -c 100 -o LSA 203.0.113.80
                    Loss%  Snt   Avg
 1.|-- 192.168.1.1   0.0%  100   1.2
 2.|-- 10.20.0.1     0.0%  100   4.8
 3.|-- 192.0.2.9     0.0%  100   5.9
 4.|-- 192.0.2.33   62.0%  100  21.4
 5.|-- 198.51.100.6  0.0%  100  22.0
 6.|-- 203.0.113.80  0.0%  100  22.3
```

நான்காம் வரியைக் கண்டதும் அந்தத் திசைவி பழுது என்று இணையச் சேவை நிறுவனத்திடம் புகார் அளிப்பவர் பலர். ஆனால் ஐந்தாம், ஆறாம் கணுக்களுக்குச் சென்ற 200 பொதிகளும் அதே நான்காம் கணுவைக் கடந்தே சென்றன. அவற்றுள் ஒன்றும் தொலையவில்லை. அது உண்மையிலேயே 62 விழுக்காட்டைத் தவறவிட்டிருந்தால், இலக்கிலிருந்து ஏறத்தாழ 38 பதில்களே வந்திருக்கும்.

பொதியைக் கடத்துவதும் பதில் எழுதுவதும் வேறு வேறு வேலைகள் என்பதே இதற்குக் காரணம். ஒவ்வொரு பொதியிலும் டிடிஎல் என்னும் எண் உண்டு. ஒவ்வொரு திசைவியும் அதில் ஒன்றைக் குறைக்கும். எண் பூச்சியமானால், அந்தத் திசைவி பொதியை நீக்கிவிட்டு, ‘நேரம் கடந்தது’ என்ற ஐசிஎம்பி செய்தியை அனுப்புநருக்குத் திருப்பி அனுப்பும். எம்டிஆர் டிடிஎல்லை 1, 2, 3 என உயர்த்தி இச்செய்திகளைத் திரட்டுகிறது. பெரிய திசைவிகளில் பொதி கடத்தலைத் தனிச் சில்லுகள் செய்ய, இச்செய்தியைப் பெரும்பாலும் கட்டுப்பாட்டுச் செயலி உருவாக்குகிறது. வழித்தடக் கணக்கீடும் அதன் பொறுப்பே என்பதால், நொடிக்கு இத்தனை செய்திகள்தாம் என்று வரம்பு வைக்கிறார்கள். 1995இல் வெளியான ஆர்எஃப்சி 1812 இத்தகைய வரம்பைப் பரிந்துரைக்கிறது. வரம்பு மீறினால் பதில் மட்டுமே நிற்கும், போக்குவரத்து நிற்பதில்லை.

`-i 5` எனச் சேர்த்து, ஐந்து நொடிக்கு ஒருமுறை மட்டும் சோதித்துப் பார்க்கலாம். இழப்பு குறைந்தால் வரம்பே காரணம் எனக் கொள்ளலாம். குறையாவிட்டாலும் திசைவியைக் குற்றம் சொல்ல முடியாது. வரம்பு எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக இருந்தால், பிறருடைய சோதனைகளே அதைத் தீர்த்துவிடக்கூடும்.

உண்மையான இழப்பு கடைசி வரை தொடரும். நான்கில் 62, ஐந்தில் 10, ஆறில் 10 விழுக்காடு என்று வந்தால் பயனரைப் பாதிப்பது அந்த 10 மட்டுமே. அப்போதும் பழுது நான்கிலா ஐந்திலா என்று இந்த அறிக்கையைக் கொண்டு சொல்ல இயலாது; பதில்கள் திரும்பும் வழியில் தொலைந்திருக்கவும் கூடும். எதிர்முனையிலிருந்தும் ஓர் அறிக்கை எடுத்துப் பார்ப்பது நல்லது.

இலக்குக் கணினியும் ஐசிஎம்பி பதில்களுக்கு வரம்பு வைத்திருக்கலாம். அது வலைத்தள வழங்கியாக இருந்தால் `mtr -T -P 443` என டிசிபி வழியாகச் சோதித்தால், வலைத்தளச் சேவைக்கான இணைப்பிலேயே இழப்பு உண்டா என்று தெரியும்.