கையை எடுத்ததும் குறையும் இழுவிசை

மேசைமேல் 3 கிலோகிராம் நிறையுள்ள வழவழப்பான கட்டை. அதில் கட்டிய நூல், மேசை விளிம்பிலுள்ள கப்பியின் மேலேறிக் கீழே இறங்குகிறது. நூலின் நுனியில் 2 கிலோகிராம் எடைக்கல் தொங்குகிறது. கட்டைக்கும் நூலுக்கும் நடுவே எடை குறைந்த சுருள்வில் தராசு ஒன்றை மாட்டி, கட்டையைக் கையால் பிடித்திருந்தால் அது 19.6 நியூட்டன் காட்டும். அது எடைக்கல்லின் முழு எடை. கையை எடுத்துக் கட்டையை ஓடவிட்டால் அளவு ஏறக்குறைய 12 நியூட்டனுக்கு இறங்கிவிடும்.

பதினோராம் வகுப்பு மாணவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். கல்லின் எடை முழுவதும் நூல் வழியே கட்டையை இழுக்கிறது என்று நினைத்து, 19.6-ஐ 3-ஆல் வகுத்துவிடுகிறார்கள்.

அது ஏன் தவறு? நூலின் இழுவிசை கட்டையை முன்னே இழுப்பதைப் போலவே கல்லை மேலேயும் இழுக்கிறது. அது 19.6 நியூட்டனாகவே இருந்தால், கல்லின்மீது மேல்நோக்கிய விசையும் கீழ்நோக்கிய விசையும் சமமாகிவிடும். கல்லின் வேகம் கூட வழியே இல்லை. வேகம் கூடிக்கொண்டே கல் இறங்குகிறது என்றால், இழுவிசை எடையைவிடக் குறைந்திருக்க வேண்டும்.

எவ்வளவு குறையும் என்று அறிய, இரண்டு பொருள்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். நூல் நீளாததால் இரண்டுக்கும் முடுக்கம் ஒன்றே. அதை a என்றும், இழுவிசையை T என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கல்லுக்கு: 19.6 − T = 2a
கட்டைக்கு: T = 3a

இரண்டையும் கூட்டினால் T மறைந்து, 19.6 = 5a என்று நிற்கும். முடுக்கம் 3.92 மீ/வி². இழுவிசை அதன் மூன்று மடங்கு, 11.76 நியூட்டன். கல்லின் எடை கட்டையை மட்டுமல்ல, கல்லையும் சேர்த்து 5 கிலோகிராமை முடுக்க வேண்டியிருக்கிறது.

மேசை சொரசொரப்பாக இருந்து, உராய்வுக் குணகம் 0.2 என்றால், 5.88 நியூட்டன் உராய்வு எதிர்த்து நிற்கும். முடுக்கம் 2.74 ஆகக் குறையும்; இழுவிசையோ 14.1 நியூட்டனாக உயரும். கல் மெதுவாக வேகமெடுப்பதால் நூல் அதை அதிகம் தாங்குகிறது. விடை சரியா என்று பார்க்கவும் இதுவே வழி: கல் வேகமெடுத்து இறங்கும்போது T அதன் எடையைத் தொட்டாலோ தாண்டினாலோ கணக்கில் எங்கோ பிழை.

இதுவரை கப்பிக்கு நிறையே இல்லை என்று கொண்டோம். 1784-இல் தன் கப்பிக் கருவியை நூலாக வெளியிட்ட கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜார்ஜ் அட்வுட், கப்பியின் அச்சை வேறு சக்கரங்களின் விளிம்பில் உருளவிட்டு உராய்வைக் குறைத்தார். ஆனால் கப்பியைச் சுழற்றவும் விசை வேண்டும். கப்பி 2 கிலோகிராம் திண்ம வட்டாக இருந்தால், உராய்வில்லாத மேசையிலும் முடுக்கம் 3.27 மீ/வி² ஆகிவிடும். கல்லின் பக்கம் இழுவிசை 13.07 நியூட்டன், கட்டையின் பக்கம் 9.8. அந்த வேறுபாடுதான் கப்பியைச் சுழற்றுகிறது.