வெள்ளைத் துணிக்கு நீலம்: பளிச்சிடுவதும் திட்டுத் திட்டாவதும்

வெள்ளைப் பருத்தித் துணியைத் துவைத்து அலசியபின், கடைசியாக ஒரு முறை நீலம் கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். இந்த நீலம் அழுக்கை எடுப்பதில்லை, எதையும் வெளுப்பதும் இல்லை. துணியில் மிக மெல்லிய நிறம் ஒன்றை ஏற்றுகிறது, அவ்வளவுதான். நிறம் ஏற்றிய துணி ஏற்றாத துணியைவிட வெள்ளையாகத் தெரிகிறதே, அது எப்படி என்று கேட்டால், துணி ஏன் பழுப்பேறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பருத்தி இயல்பிலேயே தூய வெள்ளை அல்ல. லேசான மஞ்சள் சாயல் கொண்டது. ஆலையில் வெளுத்து, வெண்மையூட்டி ஏற்றிய பிறகுதான் கடை வேட்டிக்கு அந்தப் பளபளப்பு வருகிறது. உடுத்தத் தொடங்கியதும் அது குறைகிறது. கழுத்துப்பட்டையிலும் அக்குளிலும் உடம்பின் எண்ணெய்ப்பசை முழுதாகப் போகாமல் தங்கி, காற்றுப்பட்டு மஞ்சளாகிறது. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து இழைகளில் ஒட்டிக்கொள்கிறது. போர்வெல் தண்ணீரில் இரும்பு இருந்தால் அதன் செம்மஞ்சளும் சேர்கிறது. காலப்போக்கிலும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலும் பருத்தி இழையே கொஞ்சம் கொஞ்சமாகப் பழுக்கிறது.

துணி மஞ்சளாகத் தெரிகிறது என்றால், தன்மேல் விழும் வெளிச்சத்தில் உள்ள நீலத்தை அது ஓரளவு விழுங்கிவிட்டு, பச்சையையும் சிவப்பையும் மட்டும் நன்றாகத் திருப்பியனுப்புகிறது என்று பொருள். பழைய வேட்டி ஒன்று தன்மேல் விழும் 100 பங்கு சிவப்பில் 85 பங்கையும், பச்சையில் 83 பங்கையும், நீலத்தில் 75 பங்கை மட்டும் திருப்பியனுப்புகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நீலத்தில் உள்ள இந்தப் பற்றாக்குறையைத்தான் கண் பழுப்பு என்று படிக்கிறது. இனி வேட்டியில் நீலம் ஏறுகிறது. நீலச் சாயம் செய்யும் வேலை, சிவப்பையும் மஞ்சளையும் பச்சையையும் கொஞ்சம் விழுங்குவது. நீல வெளிச்சத்தை அது பெரும்பாலும் விட்டுவிடும். ஆகவே அந்த எண்கள் ஏறத்தாழ 76, 76, 75 என்று சமமாகின்றன. மூன்றும் சமமானால் மஞ்சள் சாயல் மறைந்துவிடும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீலம் போட்ட வேட்டி, மொத்தமாகப் பார்த்தால், முன்னைவிடக் குறைந்த வெளிச்சத்தையே திருப்பியனுப்புகிறது. உண்மையில் அது ஒரு இழை மங்கியிருக்கிறது. ஆனாலும் பளிச்சென்று தெரிகிறது. வெண்மையை மதிப்பிடும்போது, வெளிச்சத்தின் சிறு குறைவைவிட மஞ்சள் சாயலைத்தான் மனிதக் கண் பெரிய குறையாக எடுத்துக்கொள்கிறது. லேசான நீலச் சாயல் உள்ள வெள்ளை, சாயலே இல்லாத வெள்ளையைவிடத் தூய்மையானதாகவும் படுகிறது. நீலத்தின் பலனெல்லாம் கண்ணின் இந்த இயல்பை நம்பியே இருக்கிறது. அதன் எல்லையும் அங்கேயே வருகிறது. மிகவும் பழுத்த துணியைச் சமப்படுத்த நிறைய நீலம் தேவைப்படும்; அதற்குள் துணி சாம்பல் பூத்து, பச்சையும் பாய்ந்துவிடும். அழுக்கு போகாத துணிக்கு நீலம் மருந்தாகாது.

கடையில் கிடைக்கும் நீலம் இரண்டு வகை. பொடி நீலம் பெரும்பாலும் அல்ட்ராமரைன். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த விலையுயர்ந்த கல்லை அரைத்துத்தான் இந்த நிறம் கிடைத்தது. 1820களின் கடைசியில் பிரான்சின் கிமேயும் ஜெர்மனியின் கிமெலினும் தனித்தனியே அதைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டார்கள். களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சேர்த்துச் சூளையில் சுட்டால் அந்த நீலம் கிடைத்துவிடும் என்றான பிறகே அது சலவைக்கு வரும் அளவுக்கு மலிந்தது. இது தண்ணீரில் கரையாது; மிக நுண்ணிய துகள்களாக மிதக்கும். இரண்டாவது வகையான சொட்டு நீலம், தண்ணீரில் கரையும் சாயம். மஞ்சளுக்கு நேர் எதிர் நிறம் ஊதா கலந்த நீலம் என்பதால், பாட்டிலில் பார்க்கும்போது அது பெரும்பாலும் ஊதாவாகவே தெரியும். எந்த வகை என்று சந்தேகம் வந்தால், ஒரு கண்ணாடி டம்ளரில் கலந்து இரவு முழுக்க அசையாமல் வைத்தால் போதும். பொடி நீலம் அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்திருக்கும். சொட்டு நீலம் கலங்கலோ படிவோ இல்லாமல் ஒரே சீராக இருக்கும்.

திட்டு விழும் விதமும் இந்த வகைக்கு ஏற்ப மாறும். பொடி நீலத்தில் குற்றவாளி துகள்தான். பொடியை நேரே வாளியில் கொட்டினால் சிறு கட்டிகள் உடையாமல் நின்று, துணியில் பட்ட இடத்தில் புள்ளியாகப் பதியும். நன்றாகக் கலக்கியிருந்தாலும் துணியை ஊறப்போட்டுவிட்டுப் போனால், துகள்கள் மெல்லக் கீழே இறங்கி, வாளியின் அடியில் கிடக்கும் மடிப்புகளில் படியும்; மேல் பக்கம் வெளிறியும் அடிப்பக்கம் நீலமாகவும் துணி வெளிவரும். இதனால்தான் பொடியை ஒரு மெல்லிய துணியில் முடிந்து தண்ணீரில் அலசிக் கரைப்பதும், துணியைப் போட்டவுடன் புரட்டிப் புரட்டி எடுப்பதும் நல்ல பழக்கம்.

சொட்டு நீலத்தில் கட்டி இல்லை; அது திட்டாவதற்கு வேறு காரணங்கள். சரியாக அலசாத துணியில் சோப்பு தங்கிய இடமும் தங்காத இடமும் சாயத்தை வேறு வேறு அளவில் பிடிக்கும். பாதி உலர்ந்த துணியை முக்கினால், உலர்ந்த பகுதி நீலத் தண்ணீரை ஒரே இழுப்பாகக் குடித்துவிடும், ஈரப் பகுதி குடிக்காது. இவற்றைவிட அதிகம் ஏமாற்றுவது, காயும்போது விழும் கோடு. துணி வாளியிலிருந்து சீராகத்தான் வரும். கொடியில் காய்ந்த பிறகு பார்த்தால் ஓரத்திலும் மடிப்பு முகட்டிலும் நீலக் கோடு. இந்தச் சாயம் பருத்தியை இறுக்கிப் பிடிப்பதில்லை. எந்த இடம் முதலில் காய்கிறதோ அந்த இடத்தை நோக்கி உள்ளிருக்கும் ஈரம் இழைகளின் வழியே ஊர்ந்து போகும். சாயமும் கூடவே போய் அங்கேயே தங்கிவிடும். மேசையில் சிந்திய காபிச் சொட்டு காய்ந்ததும் விளிம்பு மட்டும் கறுத்திருப்பதும் இதே காரணத்தால்தான். நீலம் அளவாக இருந்தால் இந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மடங்கு போட்டால் அப்படியே கோடாகத் தெரியும்.

ஆகவே எல்லாம் அளவில் நிற்கிறது. அரை வாளித் தண்ணீருக்கு நாலைந்து சொட்டு போதும். பாட்டிலைத் துணிமேல் சாய்க்காமல், தண்ணீரில் விட்டு, கையால் நன்றாகக் கலக்கிய பிறகே துணியைப் போட வேண்டும். உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தால் நீலம் தெரிந்தும் தெரியாமலும் இருப்பது சரியான பதம். வேட்டியை முழுக்க நனைத்து, விரித்து முக்கி, இரண்டு மூன்று முறை புரட்டி, உடனே பிழிந்து, மடிப்பில்லாமல் விரித்து நிழலில் காயப்போட்டால் கோடு விழாது. ஒவ்வொரு துவைப்புக்கும் நீலம் வேண்டியதில்லை. முந்தைய நீலம் முழுதாகப் போவதற்குள் அடுத்தது ஏறினால், தையலிலும் கரையோரத்திலும் மிச்சம் சேர்ந்து துணியே சாம்பல் நீலமாகிவிடும். முன்பு பார்த்த 76, 76, 75 என்ற கணக்கு அப்போது 60, 66, 74 என்று சரியும். வெண்மையும் போய், வெளிச்சமும் போய்விடும்.

திட்டு விழுந்துவிட்டால், இஸ்திரி போடுவதற்கு முன்பே கவனிப்பது நல்லது. பெரும்பாலான திட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசினாலே போய்விடும். போகாத பொடி நீலத்துக்கு வினிகர் கலந்த தண்ணீர் உதவும். அல்ட்ராமரைன் காரத்தைத் தாங்கும், புளிப்பைத் தாங்காது. புளிப்பில் அதன் நிறம் சிதையும்போது அழுகிய முட்டை நாற்றம் லேசாக வரலாம். அது உள்ளிருந்த கந்தகம். பிளீச்சிங் தண்ணீர் இந்தப் பொடியை அசைக்காது, ஆனால் சொட்டு நீலச் சாயத்தைப் பெரும்பாலும் வெளுத்துவிடும். வினிகரையும் பிளீச்சிங்கையும் மட்டும் ஒரே வாளியில் சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும்.