தெருவில் அடைபட்ட ஹைட்ரண்ட்: மனுவை யாருக்கு, எப்படி எழுதுவது?

ஏற்காட்டில் இருந்துகொண்டு "நகராட்சி ஆணையர் அவர்களுக்கு" என்று மனுவைத் தொடங்கினால் முதல் வரியிலேயே தவறு. ஏற்காடு நகராட்சி இல்லை. உங்கள் தெரு கிராம ஊராட்சியில் இருந்தால், பெறுநர் என்ற இடத்தில், "வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி), ஏற்காடு ஊராட்சி ஒன்றியம், சேலம் மாவட்டம்" என்று எழுதுங்க. கீழே சேலம் மாநகரில் இருப்பவர்கள்தான் மாநகராட்சி ஆணையருக்கு எழுத வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு நகல் கொடுங்க. தீப்பிடித்தால் அந்தக் குழாயில் ஹோஸைப் பூட்டப் போவது அவர்கள்தானே!

அடுத்தது, "அடைத்துள்ளது" என்று மட்டும் எழுதாதீங்க. அடைப்பில் பல வகை உண்டு. ரோட்டுக்குப் புதுத் தார் போட்டபோது இரும்பு மூடி உள்ளே புதைந்திருக்கலாம். மழையில் இறங்கிய செம்மண் குழியை நிரப்பியிருக்கலாம். மலைச்சரிவுத் தெருக்களில் இது சகஜம். வால்வு துருப்பிடித்துத் திரும்பாமல் இருக்கலாம். கோடை விழா சமயத்தில் என்றால், சுற்றுலா கார் ஒன்று மூடிமேலேயே நிற்கலாம். தாருக்கு அந்த ரோட்டைப் பராமரிக்கும் துறை, மண்ணுக்குத் துப்புரவுப் பணியாளர், வால்வுக்குக் குடிநீர்ப் பணியாளர், காருக்குப் போலீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேறு. காரணத்தைச் சொல்லாத மனு மேஜை மேஜையாகச் சுற்றும்.

மனுவின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"எங்கள் தெருவில், மளிகைக் கடைக்கு எதிரே, மின்கம்பத்திலிருந்து சுமார் 3 அடி தள்ளி உள்ள தீயணைப்பு ஹைட்ரண்ட் குழி, சென்ற மாத மழைக்குப் பிறகு மண்ணால் மூடிக் கிடக்கிறது. மூடியின் ஓரம் மட்டும் தெரிகிறது. போட்டோ இணைத்துள்ளேன். மண்ணை அகற்றி, வால்வைத் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று சோதித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுடாதீங்க. மண்ணை அள்ளியதோடு வேலை முடிந்ததாகக் கணக்கு எழுதிவிட்டால், உள்ளே வால்வு இறுகிக் கிடப்பது யாருக்கும் தெரியாது. சோதனையைத் தண்ணீர் விடும் நேரத்தில் செய்யச் சொல்லுங்க; மற்ற நேரத்தில் குழாய் காலியாக இருந்தால், நல்ல ஹைட்ரண்டும் பழுதானது மாதிரிதான் தெரியும். மலையில் இன்னொரு விஷயம்: தொட்டிக்கும் தெருவுக்கும் 10 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால்தான் சுமார் 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். தொட்டிக்குச் சமமான மேட்டுத் தெருவில், அடைப்பை எடுத்தாலும் தண்ணீர் மெதுவாகத்தான் வரும்.

போட்டோ ரெண்டு போதும்: ஒன்று மூடிக்குப் பக்கத்தில், ஒன்று பின்னால் கடையோ கம்பமோ தெரியும்படி. மூடியை நீங்களே நெம்பாதீங்க, வால்வையும் தொடாதீங்க. வால்வு பாதி திறந்து நின்றால் குழியின் சேறு குடிநீர்க் குழாய்க்குள் போகலாம்.

மனுவை நேரில் கொடுத்தால் தேதி, முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கோங்க. பதில் வராவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100-ல் பேசி, அந்தத் தேதியையும் சொல்லுங்க.