மூன்றாவது ரெய்டின் கணக்கு

இரண்டு ரெய்டுகளில் புள்ளியின்றித் திரும்பிய அணி, மூன்றாவதில் மட்டும் ஏன் அத்தனை ஆவேசமாகப் பாய்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வர்ணனையாளர்கள் இதை வீரம் என்பார்கள். வீரத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் அதற்கு முன்பே அங்கே ஒரு கணக்கு வேலை செய்கிறது. நம் ஊர்ச் சடுகுடு 1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் பதக்க ஆட்டமானது, 2014இல் புரோ கபடியாகத் தொலைக்காட்சிக்கு வந்தது. சரித்திரம் இவ்வளவு போதும்.

எதிரணியில் மூவரே மிஞ்சியிருப்பதாகக் கொள்வோம். ஒருவரைத் தொட்டுத் திரும்பினால் ஒரு புள்ளி லாபம். பிடிபட்டாலோ, மூவர் மட்டுமே நின்று பிடித்தமையால் அது சூப்பர் டேக்கிள், எதிரணிக்கு இரண்டு புள்ளி. ஆகவே சாதாரண ரெய்டில், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெற்றி நிச்சயம் என்று தோன்றினாலன்றித் தொட முயல்வது நஷ்டம். பால்க் கோட்டைக் கடந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதே விவேகம். மூன்றாவது ரெய்டில் அந்த மார்க்கம் அடைபடுகிறது: வெறுங்கையோடு திரும்பினால் ரெய்டர் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி. எப்படியும் ஒன்று போகப்போகிறது என்றான பின், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புக்குச் சற்று மேலிருந்தாலே பாய்வது நியாயமாகிவிடுகிறது. ஆளும் களமும் மாறவில்லை. சும்மா இருக்கும் உரிமை ஒன்று பறிபோனதாலேயே, தேவைப்படும் நம்பிக்கை பாதியாகக் குறைந்துவிட்டது.

காலையில் கூடையை இறக்கிய மீன்காரி, விலை படியாவிட்டால் கூடையை மூடிக்கொள்ளலாம். ஐஸ் கரைந்த அந்தியில் அப்படியில்லை, கேட்ட விலைக்குக் கொடுத்தாக வேண்டும். வாங்க வந்தவருக்கும் அது தெரியுமாதலால், அவர் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு ஓரடி தள்ளியே நிற்கிறார், செதிலைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. மூன்றாவது ரெய்டில் தடுப்பணி பின்கோட்டை ஒட்டி ஒதுங்குவது இதனால்தான். முப்பது விநாடியும் அவர்கள் பக்கம் ஓடுகிறது.

அப்படியானால் கார்னர் எப்போது கணுக்காலைப் பற்றுவது? கண்டு செயல்பட மனிதனுக்கு ஏறக்குறைய விநாடியில் ஐந்திலொரு பங்கு ஆகிறது. விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் திரும்புகிறவர் அதற்குள் ஒரு மீட்டர் நகர்ந்திருப்பார். எனவே தேர்ந்த கார்னர் திரும்பும் ஓட்டத்தைத் துரத்துவதில்லை. ரெய்டரின் உடற்பாரம் முழுவதும் ஒரு பாதத்தில் இறங்கும் தருணத்தை முன்கூட்டியே எதிர்பார்க்கிறார். பாரம் தாங்கிய பாதத்தை, அந்தப் பாரத்தை வேறெங்கேனும் மாற்றாமல் தூக்க இயலாது. இதை அறிந்த ரெய்டரும் பாரத்தை இறக்குவதுபோல் பாசாங்கு காட்டி, கார்னரை முந்திப் பாய வைக்கிறார்.

முந்திப் பாய்வதன் விலை பெரிது. பிடியில் கலந்துகொண்ட மூவரும் உதறப்பட்டு ரெய்டர் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், மூன்று புள்ளியோடு ஆல் அவுட்டின் இரண்டும் சேர்ந்து ஐந்து போகும். விலகி நின்றே காலத்தைக் கடத்த முடிந்தால் ஒரு புள்ளி கிடைக்கும் நிலையில், மூவரும் சேர்ந்து விழுவதற்கு ஏழில் ஆறு பங்குக்கு மேல் நிச்சயம் வேண்டும். திரையில் ஓடும் வெற்றிச் சதவீதங்கள், எந்த ரெய்டு, எத்தனை பேர் எதிரே என்று பிரித்துக் காட்டாதவரை, இதைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை.