மூக்கு முதலில் சொல்லும்

நாற்பது வயதை நெருங்கும் ஒரு பெண்மணியை மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். ஆறேழு வருடமாக அவருக்கு மூக்கடைப்பு. சளி பிடித்தால் பத்து நாளில் போய்விட வேண்டும். இவருக்குப் போகவே இல்லை. அடுப்பில் பால் அடிபிடித்தாலும் வாசனை தெரிவதில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கிறது என்றார். அறுவை சிகிச்சை செய்தும் இரண்டே வருடத்தில் சதை திரும்ப வளர்ந்துவிட்டது. இதற்கிடையில் ஆஸ்துமாவும் வந்து சேர, கைப்பையில் இன்ஹேலர் நிரந்தரமானது.

ஒருநாள் மாலை கடைவாய்ப்பல் வலி. 7 மணிக்கு மெடிக்கல் கடையில் 400 மி.கி. இபுபுரோஃபென் மாத்திரை ஒன்றை வாங்கிப் போட்டார். முக்கால் மணி நேரத்தில் மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகியது, கண் சிவந்தது, முகமும் கழுத்தும் சூடேறின. 8 மணி தாண்டியதும் நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. மூச்சு விடும்போது விசில் சத்தம். இன்ஹேலருக்கு அடங்கவில்லை. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய் நெபுலைசர் வைத்த பிறகுதான் பேச்சு வந்தது. காலையில் பரணைத் தூசி தட்டியதுதான் காரணம் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். மாத்திரை மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இளவயதில் அதே மாத்திரையை எத்தனையோ முறை போட்டவர், ஒன்றும் ஆனதில்லையே!

இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் ஓயாத மூக்கடைப்பு, வாசனை போவது, மூக்கில் சதை, ஆஸ்துமா, கடைசியில் வலி மாத்திரைக்கு இழுப்பு என்ற இந்த வரிசை மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமானது. 1922ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரத்து மருத்துவர் ஃபெர்னான் விடால் இந்தச் சேர்க்கையைப் பதிவு செய்துவிட்டார். பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல் தொடங்கும். சிறுவயதில் வருவது அரிது. முன்பு ஒத்துக்கொண்ட மாத்திரை இப்போது ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு அதுதான் காரணம்: மாறியது மாத்திரை அல்ல, நோயாளியின் மூச்சுக்குழாய்.

உள்ளே நடப்பது என்ன? நம் செல்களின் சவ்வில் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது. அதிலிருந்து உடல் இரண்டு வகைப் பொருள்களைச் செய்கிறது. ஒன்று புராஸ்டகிளாண்டின். வலியும் வீக்கமும் காய்ச்சலும் உண்டாவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. மற்றொன்று லூக்கோட்ரையீன். இது மூச்சுக்குழாயை இறுக்கும், சவ்வை வீங்க வைக்கும், சளியைச் சுரக்க வைக்கும். புராஸ்டகிளாண்டின்களில் ஈ2 என்ற ஒரு வகை, இந்த லூக்கோட்ரையீன் எல்லை மீறாமல் காவல் காக்கிறது.

ஆஸ்பிரின் முதலான வலி மாத்திரைகள் புராஸ்டகிளாண்டினைச் செய்யும் காக்ஸ் என்ற நொதியை முடக்குகின்றன. வலி குறைவது அதனால்தான். கூடவே காவலும் போய்விடுகிறது. பெரும்பாலோருக்கு இதனால் தொல்லையில்லை. மேலே சொன்ன நோயாளிகளின் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் அழற்சி செல்கள் முன்பே நிறைந்து, லூக்கோட்ரையீன் அளவுக்கு மிஞ்சிச் சுரந்துகொண்டிருக்கிறது. இருந்த சொற்பக் காவலையும் மாத்திரை நீக்கியதும் அது கரை உடைத்துப் பெருகுகிறது. அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகி, பிறகு நெஞ்சு இறுகுவது இப்படித்தான்.

ஆகவே இது பெனிசிலின் அலர்ஜி போன்றது அல்ல. அங்கே உடல் ஒரு குறிப்பிட்ட மருந்தை எதிரியாக அடையாளம் கண்டுகொள்கிறது; இங்கே மருந்து செய்யும் வேலையே தொல்லை. 1975ஆம் ஆண்டில் போலந்தின் கிராகோவ் நகரத்து மருத்துவர் ஆண்ட்ரே ஷ்செக்லிக் குழுவினர் இதைக் காட்டினார்கள். காக்ஸ் நொதியை முடக்கும் வலி மருந்துகள், வேதியமைப்பில் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவையாக இருந்தும், இந்த நோயாளிகளுக்கு இழுப்பைத் தூண்டின, முடக்காதவை தூண்டவில்லை. இபுபுரோஃபென் ஒத்துக்கொள்ளவில்லை என்று டைக்ளோஃபெனாக் ஊசிக்கு மாறினால் அதே கதைதான் நடக்கும். நாப்ராக்சன், அசிக்ளோஃபெனாக், மாதவிடாய் வலிக்குப் போடும் மெஃபனமிக் அமிலம் எல்லாமே ஒரே கூட்டம்.

இதைப் படித்துவிட்டு ஆஸ்துமா உள்ள எல்லோரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் நூறு பேரில் ஏறத்தாழ 7 பேருக்குத்தான் இந்தத் தொல்லை. கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறத்தாழ 15 பேருக்கு. ஆஸ்துமா வந்த பிறகு அண்மையில் இந்த மாத்திரைகளைப் போட்டும் ஒன்றும் ஆகாதவர்கள் அவற்றை வீணாக ஒதுக்க வேண்டாம். கவனிக்க வேண்டியவர்கள், மூக்கில் சதையும் வாசனை இழப்பும் ஆஸ்துமாவோடு சேர்ந்து இருப்பவர்கள்.

இதை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது, தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் உதவாது. ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கும் நேரத்தில், மருத்துவமனையில், மிகச் சிறிய அளவு ஆஸ்பிரினில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, மூச்சின் வேகத்தை அளந்து பார்ப்பதுதான் வழி. வீட்டில் யாரும் போட்டுப் பார்க்கக் கூடாது; உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்படியானால் வலிக்கு எதைப் போடுவது? 500 மி.கி. பாரசிட்டமால் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். அது காக்ஸ் நொதியைத் தொடுவது மிகக் குறைவு. ஒரே வேளையில் 1000 மி.கி. போட்டால் சிலருக்கு லேசாக இழுக்கலாம். அதுவும் போதாத வலிக்கு, காக்ஸ் நொதியின் இரண்டாம் வகையை மட்டும் முடக்கும் செலிகாக்சிப் போன்றவை உண்டு. முதல் வேளையை மருத்துவர் கண் முன்னால் போடுவது நல்லது.

நான் அதிகம் கவலைப்படுவது மாத்திரை அட்டையைப் பற்றி. நம் கடைகளில் பாரசிட்டமாலோடு இபுபுரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ சேர்ந்த மாத்திரைகள் தாராளமாக விற்கின்றன. காய்ச்சல் மாத்திரைதானே என்று வாங்குபவருக்கு உள்ளே இருக்கும் இன்னொரு மருந்து தெரிவதில்லை. தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் ஆஸ்பிரின் இருக்கிறது. கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும் மருந்தின் பெயர் பொடி எழுத்திலும் இருக்கும். படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தை.

இதய நோய்க்குத் தரும் 75 மி.கி. ஆஸ்பிரினும் இவர்களுக்கு இழுப்பைத் தூண்டப் போதுமானது. அதற்காக, தினமும் அதைப் போட்டு நலமாக இருப்பவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆஸ்பிரின் கட்டாயம் தேவைப்படும் நோயாளிக்கு, மருத்துவமனையில் சிறுகச் சிறுகக் கொடுத்து உடலைப் பழக்கும் முறை இருக்கிறது. பழகிய பிறகு தினமும் தவறாமல் போட வேண்டும். சில நாள் விட்டுவிட்டால் பழக்கம் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

வலி மாத்திரையை ஒதுக்கிவிட்டால் ஆஸ்துமாவும் மூக்கின் சதையும் மறைந்துவிடா. அந்த நோய் தன் போக்கில் தொடரும். இன்ஹேலரையும் மூக்கு ஸ்பிரேயையும் விட்டுவிட முடியாது. லூக்கோட்ரையீனின் வேலையைத் தடுக்கும் மாண்டெலுகாஸ்ட் மாத்திரை சிலருக்குக் கைகொடுக்கிறது.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ வலி மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது மூக்கு ஒழுகி இழுப்பு வந்திருந்தால், அந்த மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி இன்ஹேலரோடு வைத்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவரிடமும், எலும்பு மருத்துவரிடமும், ஊசி போட வரும் செவிலியரிடமும் அவர்கள் கேட்பதற்கு முன்பே அந்தத் தாளை நீட்டிவிடுங்கள்.